'சனிக்கிழமை வரை மட்டும்' என்று எழுதுவது எப்போது நியாயம்?

கேள்வி: சேலத்தில் எங்கள் தோட்டத்து மாம்பழத்தை வாட்ஸ்அப் வழியாக நேரடியாக விற்கிறோம். 'சனிக்கிழமை வரை மட்டும் இந்த விலை' என்று எழுதினால் உடனே ஆர்டர் வருகிறது, ஆனால் ஆட்களை நெருக்குகிறோமோ என்று மனது உறுத்துகிறது. நெருக்காமல் கெடு சொல்ல முடியுமா?

பதில்: முடியும். அந்தச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதை முதலில் பாருங்கள். மரமோ, வண்டியோ, அட்டைப்பெட்டிக் கணக்கோ அந்த நாளைத் தீர்மானித்திருந்தால் அது சொல்ல வேண்டிய செய்தி. சொல்லாமல் விட்டால்தான் வாங்குபவருக்கு நட்டம். விற்பனை மந்தமாக இருக்கிறது என்பதற்காக நீங்களே ஒரு நாளைக் குறித்திருந்தால், எவ்வளவு மென்மையாக எழுதினாலும் அது நெருக்கடிதான்.

அயோத்தியாப்பட்டணத்துக்கு அருகே எங்களுக்கும் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. நேரடி விற்பனையைத் தொடங்கிய முதல் பருவத்தில் 'இன்றே கடைசி நாள்' என்று எழுதினேன். காய் மீந்ததால் மறுநாள் 'உங்களுக்காக இன்னும் இரண்டு நாள்' என்று நீட்டித்தேன். அடுத்த வாரமும் அதையே செய்தேன். மூன்றாம் வாரம் கெடுவுக்கு முன்பு ஆர்டரே வரவில்லை. 'அடுத்த வாரமும் இதே விலைதானே?' என்று கேட்டு நான்கைந்து பேர் மட்டும் எழுதியிருந்தார்கள். கெடு பொய்யாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது: ஆர்டர்கள் குறித்த நாளுக்கு முன்னால் வருவதை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் வரத் தொடங்கும்.

இப்போது நாங்கள் செய்வதை ஒரு வாரக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். மே மாதக் கடைசியில் இமாம் பசந்த் மரங்களைச் சுற்றி வந்து, காம்பின் இருபுறமும் தோள் எழும்பிய காய் எவ்வளவு தேறும் என்று பார்த்தபோது ஏறத்தாழ 800 கிலோ என்று மதிப்பிட்டோம். அதில் 600 கிலோவுக்கு மட்டுமே, அதாவது ஐந்து கிலோப் பெட்டிகள் 120க்கு மட்டுமே, முன்பதிவு வாங்கினோம். கோடை மழையோடு ஒரு காற்று அடித்தால் உதிரும் காயும், பறிக்கும்போது பால் வடிந்து தோல் கருகும் காயும், வழியில் நசுங்கியதற்கு மாற்றாக அனுப்ப வேண்டிய பழமும் மீதி 200 கிலோவில் அடங்க வேண்டும். செய்தியில் '120 பெட்டிகள் மட்டும்' என்று நிறுத்திக்கொள்ளாமல், 'காற்றுக்கும் சேதத்துக்கும் ஒதுக்கியது போக 120 பெட்டிகள். காற்று அடிக்காமல் காய் மிஞ்சினால், காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு அவரவர் பெயர் கொடுத்த நாளின் விலையிலேயே தருவோம்' என்று எழுதினோம். இந்த இரண்டாம் பகுதி இல்லாவிட்டால், பின்னால் மீதிக் காயை விற்கும் அன்று முதலில் சொன்ன எண்ணிக்கை பொய்யாகத் தெரியும்.

விலையும் அப்படித்தான். சனிக்கிழமை மாலை ஆறு மணி வரை பெட்டி 840 ரூபாய், அதற்குப் பின் 900. ஞாயிறு காலையில் அட்டைப்பெட்டி வாங்கப் போகிறோம், திங்கள் விடியலில் பறித்து மாலையில் பார்சலில் ஏற்றுகிறோம். எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்தால் ஒரே வண்டியில் வேலை முடிந்துவிடும். பின்னால் வரும் பெட்டிகளுக்கு இரண்டாம் முறை வண்டி பிடிக்க வேண்டும். அந்தச் செலவைப் பிரித்துப் பார்த்தால் பெட்டிக்கு 60 ரூபாய் அளவில் வந்ததால், மிச்சமாகும் அந்தத் தொகையையே சலுகையாகக் கொடுத்தோம். சலுகைத் தொகை எங்கிருந்து வருகிறது என்று உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், அந்தச் சலுகைக்குக் கெடு வைக்காதீர்கள்.

நாங்கள் அனுப்பிய செய்தி ஏறத்தாழ இதுதான்: 'இமாம் பசந்த், 5 கிலோப் பெட்டி. திங்கள் பறிப்பு, செவ்வாய் உங்கள் ஊரில். ஞாயிறு காலை பெட்டி வாங்குவதால் சனி மாலை 6 வரை சொல்பவர்களுக்கு 840. பிறகு 120 பெட்டிகள் முடியும் வரை 900. காயாகத்தான் வரும், வைக்கோலில் வைத்தால் நான்கு முதல் ஆறு நாளில் பழுக்கும். அந்த வாரம் வெளியூர் செல்பவர்கள் இந்த முறை வாங்க வேண்டாம். நீலம் பின்னால் வரும்.' கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை எழுத வீட்டில் முதலில் சம்மதிக்கவில்லை. ஆனால் மே மாதத்தில் பாதிக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடுகின்றன. பூட்டிய வீட்டில் பழுத்து அழுகிய பழத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவசரம் சொல்லும்போது யார் வாங்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்வது, என் அனுபவத்தில், செய்தியின் மற்ற வரிகளையும் நம்ப வைக்கிறது.

கெடு முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை வரும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒருவர், 'இரண்டு மணி நேரம்தானே, 840க்கே கொடுங்கள்' என்று கேட்டார். பழைய வாடிக்கையாளர், ஆறு பெட்டிகள் கேட்டவர். 900 என்றுதான் சொன்னேன்; நேரத்தோடு சொன்ன மற்றவர்களுக்கு அதுதான் மரியாதை. ஆனால் ஐந்தரை மணிக்கே 'இரண்டு பெட்டி' என்று எழுதிவிட்டு, யுபிஐ தடங்கலால் இரவில் பணம் அனுப்பியவருக்கு 840தான். பணம் வந்த நேரத்தை விட்டுவிட்டு, செய்தி வந்த நேரத்தைக் கணக்கில் எடுப்போம் என்று முன்பே தீர்மானித்து வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் முகம் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

நினைவூட்டல் ஒன்று போதும், அதுவும் வெள்ளிக்கிழமை. 'யோசித்துச் சொல்கிறேன்' என்றவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். வேண்டாம் என்றவருக்கு மறுபடி அனுப்புவதுதான் நெருக்குதல். உங்களை இதுவரை அறியாத ஒருவருக்கு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கோ அலுவலகத்துக்கோ எழுதும் முதல் செய்தியில் கெடுவே வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் பழத்தையே பார்க்காதவரிடம் நாள் குறித்தால், அதன் காரணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அவருக்கு அது தந்திரமாகவே படும். எந்த ரகம் எந்த மாதம் என்று மட்டும் எழுதுங்கள். அவர் விலை கேட்கும்போது தேதியைச் சொல்லலாம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணைய வணிகத்தில் தவிர்க்க வேண்டிய 13 ஏமாற்று முறைகளைப் பட்டியலிடுகின்றன; அவற்றில் முதலாவதே பொய்யான அவசரம்தான். இருப்பதைவிடக் குறைவாக இருப்பு காட்டுவதும், இல்லாத கிராக்கியை இருப்பதாகக் காட்டுவதும் அதில் அடங்கும். வாங்க மறுப்பவருக்குக் குற்ற உணர்ச்சி ஏற்படுத்தும் சொற்கள் அதே பட்டியலில் தனியாகவே இடம்பெற்றுள்ளன. ஆகவே 'விவசாயியைக் கைவிடாதீர்கள், இன்றே வாங்குங்கள்' என்று எழுதும் வழக்கமும் வேண்டாம்.

அந்த வாரம் காற்று அடிக்கவில்லை. மிஞ்சிய காயில் 22 பெட்டிகள் தேறின. பட்டியலில் 17 பேர் இருந்தார்கள். அவர்களுக்குச் சொன்ன விலையில் கொடுத்துவிட்டு, மீதி ஐந்து பெட்டிக் காயை மண்டிக்கு அனுப்பினோம். மண்டி விலை குறைவுதான். ஆனாலும் 'கடைசி ஐந்து பெட்டிகள்' என்று எல்லாருக்கும் இன்னொரு செய்தி போடவில்லை, ஏனென்றால் 900 கொடுத்தவர்களுக்கு 120தான் கணக்கு என்று சொல்லியிருந்தோம்.