ஒயர் உண்டு, ஓட்டம் இல்லையா? – சேலத்து மின்கழிவு முகாம்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சேலத்தில் குடியிருப்போர் சங்கங்களும் மகளிர் குழுக்களும் நடத்தும் மின்கழிவு சேகரிப்பு முகாம்களில் சில வருடங்களாக நானும் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விளம்பர வாசகத்தைப் பற்றியவை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கே: "மின்கழிவை ஒழிப்போம், மண்ணைக் காப்போம்" என்று பேனர் கட்டினோம், ஆட்டோவிலும் அறிவித்தோம். வந்தது மொத்தமே நாலு செல்போன், ஒரு பை நிறைய பிளாஸ்டிக் பாட்டில். எங்கே தப்பு? – அம்மாபேட்டை வாசகர்

பாட்டில் வந்தது உங்கள் தெருக்காரர்கள் தப்பு இல்லை. 'மின்கழிவு' என்ற சொல் நமக்குப் பழகியது, வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'பழுதான மிக்ஸி' என்பார்கள், 'ரிப்பேர் டிவி' என்பார்கள், மொத்தமாக 'பழைய கரண்ட் சாமான்' என்பார்கள். கழிவு என்று காதில் விழுந்ததும் கைக்குக் கிடைத்த கழிவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். எதைக் கொண்டுவர வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்ற இரண்டும் உங்கள் வாசகத்தில் இல்லை. மண்ணைக் காப்பது மட்டும்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சந்துக்குள் ஆட்டோ மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர். ஒலிபெருக்கியில் வார்த்தை புரிகிற தூரம் ஒரு வீட்டுக்கு முன்னால் 25 மீட்டர், பின்னால் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரருக்குக் கிடைப்பது சுமார் 18 நொடி. அதில் முதல் நாலைந்து நொடி 'என்ன சத்தம்' என்று திரும்பிப் பார்ப்பதிலேயே போய்விடும். மிச்சம் 13 நொடி. நிதானமாகப் பேசினால் நொடிக்கு இரண்டு வார்த்தை, ஆக 26 வார்த்தைக்குள் முடிக்க வேண்டும். தொடக்கத்தில் பாட்டு, "அன்பார்ந்த பொதுமக்களே", சங்கத் தலைவர் பெயர் என்று போட்டால் வீடு தாண்டிய பிறகுதான் விஷயம் வரும். அதுவும் அம்மாபேட்டையில் தறிச் சத்தம் வேறு. தறி ஓடுகிற சந்துகளில் ஆட்டோவை முனையில் நிறுத்தி மூன்று முறை சொல்ல வையுங்கள்.

நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

"ஒயர் உண்டு, ஓட்டம் இல்லையா? கழற்றாம கொண்டு வாங்க! செல்போன், சார்ஜர், ரிமோட், மிக்ஸி, ஃபேன், டிவி. ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை. ரேஷன் கடைக்கு எதிரில், சமுதாயக் கூடம்."

24 வார்த்தை. இதையே இடைவெளி இல்லாமல் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். நடுவிலிருந்து கேட்கிறவருக்கும் முழுசாகக் கிடைக்கும்.

'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய பொருட்களை நான் ஆட்டோவில் சேர்ப்பதே இல்லை. ஒரு முகாமில் "ட்யூப்லைட், இன்வர்ட்டர் பேட்டரி கொண்டு வர வேண்டாம்" என்று சேர்த்தோம். தமிழில் மறுப்பு கடைசியில்தானே வருகிறது? "ட்யூப்லைட், இன்வர்ட்டர் பேட்டரி" வரை கேட்டவர்கள் வரிசையாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். 'வேண்டாம்' அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பட்டியலை அச்சு நோட்டீஸில் மட்டும் போடுங்கள்.

கே: வீட்டில் அரசு கொடுத்த பழைய இலவச டிவி ஓடாமல் கிடக்கிறது. கொடுத்தால் பின்னால் யாராவது கேள்வி கேட்பார்களா? உள்ளே இருக்கும் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கொடுக்கலாமா? – கொண்டலாம்பட்டி வாசகி

முதல் பயம் பல வீடுகளில் இருக்கிறது. 2006-க்குப் பிறகு வந்த கலர் டிவி, 2011-லிருந்து வந்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், மாணவர்களுக்கு வந்த மடிக்கணினி என்று, நம் ஊர் பரண்களில் தூங்குவதில் பெரும்பங்கு இவைதான். செத்துப்போன பெட்டியை மறுசுழற்சிக்குக் கொடுப்பது விற்பனை ஆகாது. இதற்காக யாரையும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. நோட்டீஸில் "அரசு கொடுத்த பழைய டிவி, மிக்ஸியும் கொடுக்கலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கே நிறைய பரண் திறக்கும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: வேண்டாம். வாசகத்தில் 'கழற்றாம' என்ற சொல்லை வைத்ததே இதற்காகத்தான். அந்தப் பழைய டிவியில் படம் தெரிவது ஒரு பெரிய கண்ணாடிக் குழாயில். பின்பக்கம் அதன் கழுத்து மெல்லிசு, செம்புச் சுருள் அந்தக் கழுத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. சுருளை உருவும்போது கழுத்து முறியும், காற்று 'புஸ்' என்று உள்ளே போகும். அந்தக் குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, திரையின் உள்பக்கம் ரசாயனப் பொடி பூசியிருக்கிறது. உடைந்த குழாயை வாங்க மறுசுழற்சிக்காரர் தயங்குவார், அது முகாம் நடத்தியவர் தலையில் நிற்கும். இன்னொன்று, அணைத்து வைத்த டிவியிலும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். குழந்தைகள் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தால் தடுத்துவிடுங்கள்.

மேஜையில் உட்காருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பின்மூடியின் திருகுகள் காணாமல் இருந்தாலோ, தூக்கும்போது உள்ளே கண்ணாடி சலசலத்தாலோ, அந்தப் பெட்டியைச் சாக்கில் சுற்றித் தனியாக வையுங்கள். ஃபிரிட்ஜிலும் இதே கதைதான். செம்புக் குழாயை வெட்டினால் உள்ளே இருக்கும் வாயு வெளியேறிவிடும்.

கிரைண்டர் கொண்டு வருகிறவர்கள் கல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் எங்கள் இடுப்பு பிழைக்கும்.

கே: நோட்டீஸில் "பஸ் ஸ்டாண்ட் அருகில்" என்று போட்டால் போதாதா? – சூரமங்கலம் வாசகர்

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். சேலத்தில் பஸ் ஸ்டாண்ட் இரண்டு. நாங்கள் புது பஸ் ஸ்டாண்டை நினைத்து எழுதினோம், வயதானவர்கள் மிக்ஸியோடு பழைய பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார்கள். 'ஐந்து ரோடு' என்று எழுதுவதும் அப்படித்தான், எந்த ரோடு என்று கேட்பார்கள். தெரு, எதற்கு எதிரில், எந்த கேட் என்று மூன்றையும் எழுதுங்கள். டிவியை யாரும் அரை கிலோமீட்டர் தூக்கி வர மாட்டார்கள். 'பெரிய சாமானுக்கு வண்டி வரும், போன் செய்யுங்கள்' என்று ஒரு எண் கொடுத்தால் நல்லது. காசு கொடுப்பீர்களா இல்லையா என்பதையும் எழுதிவிடுங்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிப் பழகிய ஊர், கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

கே: பேட்டரி உப்பிப்போன செல்போனை வாங்கலாமா? ட்யூப்லைட், இன்வர்ட்டர் பேட்டரியை என்ன செய்வது? – அஸ்தம்பட்டி வாசகி

உப்பிய போனை வாங்கலாம், ஆனால் மற்ற போன்களோடு பெட்டியில் போடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும். மேஜைக்குக் கீழே இல்லாமல், திறந்த இடத்தில் காய்ந்த மணல் நிரப்பிய இரும்பு வாளி ஒன்று வையுங்கள். போனை அணைத்து மணலுக்குள் வைத்து மேலேயும் மணல் போடுங்கள். கொண்டு வருகிறவர் அதை வீட்டில் கடைசியாக ஒரு முறை சார்ஜ் போட்டுப் பார்க்கக் கூடாது. தனியாகக் கழன்று வரும் லித்தியம் பேட்டரி என்றால் முனைகளில் செல்லோடேப் ஒட்டுங்கள். இரண்டு முனைகள் ஒன்றோடொன்று உரசித்தான் பெட்டிக்குள் தீ ஆரம்பிக்கிறது.

இன்வர்ட்டர், கார் பேட்டரி ஈயமும் அமிலமும். அதற்குத் தனி விதி, 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். முகாமுக்கு இழுத்து வந்தால் அமிலம் சிந்துவதுதான் மிச்சம். ட்யூப்லைட்டிலும் சுருள் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் இருக்கிறது. உங்கள் மறுசுழற்சிக்காரர் விளக்குகளை எடுப்பதாக எழுதிக் கொடுத்தால் மட்டும், உடையாததை அட்டை உறையோடு வாங்குங்கள். இல்லையென்றால் வீட்டு அபாயக் கழிவாகத் தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான்.

கே: ஏற்காட்டில் எங்கள் பள்ளி சார்பில் நடத்த நினைக்கிறோம். கீழே சேலத்தில் போட்ட வாசகத்தையே பயன்படுத்தலாமா? – நாகலூர்ப் பக்கத்து ஆசிரியர்

முதல் இரண்டு வரி அப்படியே இருக்கட்டும். நேரமும் இடமும் மாற வேண்டும். மலைக் கிராமத்துக்காரருக்கு "எட்டு முதல் பன்னிரண்டு" என்பதைவிட "காலை பஸ் வந்து திரும்புற வரைக்கும்" என்பதுதான் நேரம். அந்த பஸ் நிற்கிற நிறுத்தமே இடமாகவும் இருக்கட்டும். சனி, ஞாயிறு வேண்டாம், சுற்றுலாக் கூட்டத்தில் ஏரிப் பக்கம் வண்டி நகராது. மாணவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் வாசகம் என்பதால் மெட்டு போட்டுப் பாடினாலும் சரி, 'கழற்றாம' மட்டும் விழுந்துவிடக் கூடாது.

இறக்குவதில்தான் கவனம் வேண்டும். சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பழைய டிவியில் கனமெல்லாம் திரைப் பக்கம். அதனால் வண்டித் தளத்தில் சாக்கு விரித்து, திரை கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைத்தால் வளைவில் உருளாது. மேலே எதையும் அடுக்காதீர்கள். மணல் வாளியைக் கயிற்றால் கட்டி, எளிதில் எடுக்கிற ஓரத்தில் வையுங்கள்.

கே: போனில் இருக்கும் போட்டோ, வங்கி விவரம்? – பல வாசகர்கள்

சிம், மெமரி கார்டை எடுங்கள். கூகுள் கணக்கை நீக்குங்கள். அப்புறம் அமைப்புகளில் 'ஃபேக்டரி ரீசெட்'. கணினியில் ஃபார்மேட் மட்டும் செய்தால் தகவல் போய்விடாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். 'கழற்றாம' என்பதற்கு நான் தரும் ஒரே விலக்கு இது. ஆன் ஆகாத போனை, கண்ணெதிரே பூட்டி சீல் வைக்கிற பெட்டியில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

கே: சாமானை எடுத்துப் போகிறவர் சரியான ஆளா என்று சங்கம் எப்படிப் பார்ப்பது? – பொருளாளர், ஒரு குடியிருப்போர் சங்கம்

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றின் நகல் வாங்குங்கள். அதில் உள்ள பெயரும் வண்டியில் வந்தவர் தரும் ரசீதில் உள்ள பெயரும் ஒன்றா, சான்று இன்னும் காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். "நாங்க அவங்களுக்குத்தான் அனுப்புவோம்" என்று இடைத்தரகர் வந்தால், அந்த நிறுவனமே கொடுத்த கடிதம் கேளுங்கள். முகாம் முடிந்ததும் அங்கேயே எடை போட்டு, டிவி எத்தனை, போன் எத்தனை என்று ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். ரசீது எழுதத் தயங்குகிறவரின் வண்டியில் ஒரு சார்ஜரைக்கூட ஏற்றாதீர்கள்.