குழாய் பதிக்க அனுமதி: ஹோஃபெல்டு கணக்கு

“காங்கேயம் அருகே ‘அ’, தன் தோட்டத்து வழியே தண்ணீர்க் குழாய் கொண்டுபோக ‘ஆ’வுக்கு வாய்மொழியாக அனுமதி தந்தார். ‘ஆ’ செலவு செய்து குழாயைப் புதைத்தார். மறு வருடம் ‘அ’ அனுமதியை ரத்து செய்கிறார். ‘ஆ’வுக்கு உரிமை, ‘அ’வுக்குக் கடமை என்று எழுதினேன். மதிப்பெண் ஏன் குறைந்தது?”

தம்பி, சட்ட உறவுகளை உரிமை–கடமை என்று மட்டும் பார்க்காமல், சலுகை, அதிகாரம், விலக்குரிமை என்றும் பிரித்துக் காட்டியவர் சட்ட அறிஞர் ஹோஃபெல்டு. அந்தக் கணக்கில் இரண்டு வெவ்வேறு நேரங்களை நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். அனுமதி தந்த அன்று ‘ஆ’வுக்குக் கிடைத்தது சலுகை மட்டும். நுழையக் கூடாது என்ற கடமை அவருக்கு நீங்கியது. அவரைத் தடுக்கும் உரிமை ‘அ’வுக்கு இல்லாமல் போனது. குழாய் பதிக்க உதவும் கடமையோ ‘அ’வுக்கு எப்போதுமே இல்லை. அப்போது ‘அ’விடம் ரத்து செய்யும் அதிகாரம் இருந்தது. ஒரு சொல்லில் அந்தச் சலுகையைக் கலைத்து, ‘ஆ’வின் கடமையை மீண்டும் உயிர்ப்பிக்கலாம். இந்த மாற்றத்துக்கு ஆட்படும் நிலைதான் ‘ஆ’வுக்கு.

மண் மூடியதும் நிலைமை மாறுகிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், பிரிவு 60: அனுமதியை நம்பி, செலவு செய்து, நிரந்தரத் தன்மையுள்ள வேலையை முடித்திருந்தால் அனுமதியை ரத்து செய்ய முடியாது. அதாவது ‘அ’வுக்கு ரத்து செய்ய இயலாமை, ‘ஆ’வுக்கு அந்த ரத்து தன்னைத் தொடாத விலக்குரிமை. எனவே ‘அ’வின் ரத்துக் கடிதம் கடமை மீறல் அன்று, வெறும் செல்லாத காகிதம். பலர் சறுக்கும் இடம் இதுதான். குழாயை ‘அ’ மண்வெட்டியால் வெட்டினால்தான் கடமை மீறல்.

கேள்வியில் “புதைத்தார்” என்ற சொல்லையும் விடாதீர்கள். வரப்பின் மேல் சுருட்டி எடுக்கும் ரப்பர் குழாயைப் போட்டிருந்தால், நிரந்தர வேலை என்று வாதிடுவது கடினம், விலக்குரிமையும் போய்விடும்.