ஒரு டன் உப்புக்கு எத்தனை கிராம் பொட்டாசியம் அயோடேட்?

கேள்வி: தூத்துக்குடியில் சின்ன உப்பு ஆலை வைத்திருக்கிறேன். 30 பிபிஎம் அயோடின் வேண்டும். டன்னுக்கு 30 கிராம் அயோடேட் போட்டால் போதுமா?

போதாது. 30 பிபிஎம் என்றால் டன்னுக்கு 30 கிராம் அயோடின். நீங்கள் போடுவது KIO3. அதன் மூலக்கூறு எடை 214, அதில் அயோடின் 126.9 மட்டும். அதனால் 30 × 214 ÷ 126.9 = 50.6 கிராம் வேண்டும். வாங்கும் பொடியின் தூய்மை 99% என்றால் 51.1. வெறும் 30 கிராம் போட்டால் சுமார் 18 பிபிஎம்தான் நிற்கும்.

சரி, கையிருப்பில் இழப்பும் உண்டு. ஈரமும் அழுக்கும் உள்ள உப்பில் அயோடின் வேகமாகக் குறையும். கால் பங்கு போகும் என்று வைத்தால் ஆரம்பத்தில் 40 பிபிஎம் வேண்டும், அதாவது 67.5 கிராம். உங்கள் இழப்பு எவ்வளவு என்பதை மூட்டையைச் சில மாதம் வைத்து அளந்தே முடிவு செய்யுங்கள்.

இதை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம், நன்றாகக் கரையும். அப்புறம் மூட்டைகளின் தொடக்கம், நடு, கடைசியில் மாதிரி எடுத்து தயோசல்பேட் டைட்ரேஷன் செய்யுங்கள். மூன்றும் பெரிதாக வேறுபட்டால் கோளாறு கணக்கில் இல்லை, கலப்பதில். சொட்டு விட்டு நீலநிறம் பார்க்கும் கிட்டை இதற்கு நம்ப வேண்டாம்.