மச்சினன் காட்டும் 12 மடங்கு

கேள்வி: என் மச்சினனின் பேக்கேஜிங் கம்பெனிக்குக் கடன் கிடையாது. 29 கோடி மதிப்பு போட்டு, 1% பங்கை 29 லட்சத்துக்குத் தருகிறான். டிசிஎஃப் கணக்கை நானே சரிபார்த்தேன், கூட்டல் பிழை இல்லை. டிஸ்கவுண்ட் ரேட் 14%. ஐந்தாம் ஆண்டு எபிட்டா 4 கோடி, ஃப்ரீ கேஷ் ஃப்ளோ 1.6 கோடி, எக்ஸிட் மல்டிபிள் 12. வீட்டை அடமானம் வைத்து வாங்கலாமா? வீட்டில் நெருக்குகிறார்கள்.

பதில்: வேண்டாம். கூட்டல் சரிதான், ஆனால் அந்த 12 எதைச் சொல்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை.

எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம். அந்த 4 கோடியை 12-ஆல் பெருக்கினால் டெர்மினல் வேல்யூ, அதாவது ஐந்தாம் ஆண்டு முடிவில் கம்பெனிக்குப் போடும் மதிப்பு, 48 கோடி. இன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 25 கோடி. ஐந்து ஆண்டு ரொக்க வரவின் பங்கு மீதி 4 கோடிதான். ஆக, நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அந்த ஒரே எண்ணுக்குப் போகிறது. அதற்குள் ஒளிந்திருக்கும் வளர்ச்சியை வெளியே எடுங்கள். g வளர்ச்சி, TV டெர்மினல் வேல்யூ, r டிஸ்கவுண்ட் ரேட், FCF ஃப்ரீ கேஷ் ஃப்ளோ:

```
g = (TV × r − FCF) / (TV + FCF)
  = (48 × 0.14 − 1.6) / (48 + 1.6)
  = 10.3%
```

ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு, முடிவே இல்லாமல், ஆண்டுக்கு 10.3% வளர வேண்டும் என்று அர்த்தம். பத்தாண்டு அரசுப் பத்திர வட்டியே சுமார் 7%தான். நிரந்தர வளர்ச்சி அதைத் தாண்டினால் நான் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. 12 மடங்கு பெரும்பாலும் இன்று வேகமாக வளரும் லிஸ்டட் கம்பெனிகளின் விலையிலிருந்து எடுத்ததாக இருக்கும். அந்த விலையில் அவற்றின் வரும் சில ஆண்டு வேகமும் சேர்ந்தே இருக்கிறது. வேகம் தணிந்த ஐந்தாம் ஆண்டுக் கம்பெனிக்கு அதையே ஒட்டினால், முடிந்துபோன வளர்ச்சிக்கு இரண்டாம் முறை காசு கொடுக்கிறீர்கள்.

5% வளர்ச்சி வைத்துப் பாருங்கள். 1.6 × 1.05-ஐ, 14%-லிருந்து 5% போக மீதியான 0.09-ஆல் வகுத்தால் டெர்மினல் வேல்யூ 18.7 கோடி, அதாவது எபிட்டாவைப் போல 4.7 மடங்குதான். மொத்த மதிப்பு சுமார் 13.7 கோடிக்கு இறங்கும், உங்கள் 1% சுமார் 13.7 லட்சம்.

ஒரு நியாயம் அவர் பக்கமும் இருக்கலாம். ஐந்தாம் ஆண்டில் புது மெஷின் வாங்கும் செலவு அதிகமாக இருந்தால், 1.6 கோடி இயல்பைவிடக் குறைவு. பராமரிப்புக்கும் மிதமான வளர்ச்சிக்கும் தேவையான செலவை மட்டும் கழித்து, 2.4 கோடி என்றே வைப்போம். அப்போதும் 12 மடங்குக்குள் இருக்கும் வளர்ச்சி 8.6%. 5%-க்கு இறக்கினால் உங்கள் பங்கு 18 லட்சத்தைச் சற்றே தாண்டும், 29 அல்ல.

அடமானக் கடன் 10% வட்டியில், பத்து ஆண்டுக்கு என்றால் மாதத் தவணை 38,000 சொச்சம். லிஸ்ட் ஆகாத பங்கை நினைத்தபோது விற்றுத் தவணை கட்ட முடியாது. இன்னும் எத்தனை மாடல் வந்தாலும், உறவுக்காக வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் பேச்சை முதலில் நிறுத்துங்கள். கையிலுள்ள சேமிப்பில் போனால் பாதகமில்லாத தொகை இருந்தால், பராமரிப்புச் செலவு விவரத்தைக் கேட்டு வாங்கி, 5% கணக்கில் வரும் விலையைச் சொல்லுங்கள். அந்த விலைக்கு அவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.