கொடையில் தொடங்குங்கள்

"எனக்கு வயது 27, ஊர் பாளையங்கோட்டை. ஜாதகம் பொருந்தி, மாப்பிள்ளையிடம் போனில் பேசச் சொல்லிவிட்டார்கள். குடி, சிகரெட், பிள்ளை பெற்றுக்கொள்வது பற்றியெல்லாம் மரியாதையாக, இன்டர்வியூ மாதிரி தெரியாமல் எப்படிக் கேட்பது?"

முதலில் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். இரண்டாவது பேச்சில் குடியும் புகையும், அதற்கடுத்து பிள்ளை. பூ வைப்பதற்குள் இரண்டையும் பேசிவிட வேண்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், அவர் என்ன பதில் சொன்னாலும் "சரியாப் போயிரும்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

குடியைப் பேச நம்மூரில் கோயில் கொடையை விட இயல்பான தொடக்கம் கிடையாது. "எங்க ஊர் கொடைன்னா மாமாமாரெல்லாம் ரெண்டு நாள் குடிப்பாங்க. எனக்கு அது ஒத்துக்கிடாது. உங்க பக்கம் எப்படி, நீங்களும் சேர்ந்துக்கிடுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "எப்பவாவது" என்று பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். "கடைசியா எப்போ?" என்று அதே குரலில் கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு பீரும் எப்பவாவதுதான், சனிக்கிழமை தோறும் ஒரு குவார்ட்டரும் எப்பவாவதுதான். குவார்ட்டர் என்பது 180 மில்லி, சின்ன பெக்காக ஊற்றினால் ஆறு. "சிகரெட் தொடமாட்டேன்" என்பவரிடம் "புகையிலை, பாக்கு?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். உதட்டுக்குள் பொட்டலம் அடக்குகிற பலர் அதைப் பழக்கமாகவே எண்ணுவதில்லை.

இதைத் தரகர் மூலம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கல்யாணம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். "பையன் தங்கம், டீ கூடக் குடிக்க மாட்டான்" என்றுதான் சொல்வார். பத்துப் பொருத்தத்தையும் மூன்று ஜோசியரிடம் சரிபார்க்கிற வீடுகள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தரகர் வாக்கை அப்படியே நம்புவது எனக்குத் தாங்கவில்லை.

"முன்னே குடிச்சேன், விட்டுட்டேன்" என்பவர் விஷயம் வேறு. அவரே வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார், அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். விட்டு எத்தனை நாளாச்சு, எதனால் விட்டார், நடுவில் மறுபடி தொட்டாரா, கொடைக்கும் கூட்டாளி கல்யாணத்துக்கும் போனால் எப்படிச் சமாளிக்கிறார் என்று நிதானமாகக் கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் தொடாமல் இருந்து, இடையில் தடுக்கியதையும் மறைக்காமல் சொன்னால் நம்பிப் பேசலாம். "உன்னைக் கட்டினா விட்டுருவேன்" என்பவர் இன்னும் விடவில்லை. அவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிள்ளை விஷயத்தை உங்கள் வேலையிலிருந்து எடுங்கள். "எனக்குப் பிள்ளை வேணும், ஆனா பி.எட். முடிச்சு ரெண்டு வருஷம் போகட்டும்னு இருக்கேன். நீங்க எப்படி நினைக்கீங்க?" என்று கேட்டால் வேணுமா, எப்போ என்ற இரண்டுக்கும் பதில் வரும். "வீட்ல சொல்லுதபடிதான்" என்று மழுப்பினால் கோபப்படாமல், "உங்க அம்மா என்ன சொல்லுதாங்க?" என்று கேளுங்கள். அவர் மனதில் பத்தாவது மாசமே பேரப்பிள்ளை என்று இருந்தால், அது அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.