"இதோ" என்பவருக்கு ஒரு தொனி, பதில் போடாதவருக்கு இன்னொன்று

கேள்வி: எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை திரட்டுவது என் பொறுப்பு. இரண்டு பேர் மட்டும் இன்னும் தரவில்லை. "நேரம் கிடைக்கும்போது அனுப்புங்க" என்று இருவருக்கும் ஒரே செய்தியைத்தான் அனுப்பினேன். ஒருவர் "இதோ அனுப்பிடறேன்" என்றார், ஒரு வாரம் ஆயிற்று. மற்றவர் படித்துவிட்டுப் பதிலே போடுவதில்லை. இனிக் கறாராக எழுதலாமா?

பதில்: ஒருவருக்கு மட்டும் எழுதுங்கள். பதில் போடாதவர் மேல்தான் உங்களுக்குக் கோபம் அதிகம் இருக்கும், ஆனால் கறார் செய்தி போக வேண்டியது அவருக்கு அல்ல.

"இதோ" என்றவர் உங்களை ஏமாற்றவில்லை. நேரம் கிடைக்கும்போது என்றீர்கள், அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவருக்கு இப்படி எழுதலாம்: "வணக்கம். கட்டுரை வியாழன் மாலை 6 மணிக்குள் வேண்டும். வெள்ளி காலை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. அதற்குள் வராவிட்டால் இந்த மலரில் சேர்க்க இயலாது." கோபமாக ஒரு சொல் கூட இல்லை, கவனித்தீர்களா? நாளும் நேரமும் விளைவும்தான் இதைக் கறாராக்குகின்றன. "எத்தனை தடவை சொல்றது" என்று சேர்த்தால், அவர் கட்டுரையை விட்டுவிட்டு உங்கள் தொனிக்குப் பதில் சொல்ல ஆரம்பிப்பார். அப்புறம், சனிக்கிழமை அனுப்பினாலும் வாங்கிக்கொள்வீர்கள் என்றால் அந்தக் கடைசி வரியை எழுதவே வேண்டாம்.

பதில் போடாதவர் பெரும்பாலும் கூச்சக்காரர். நானும் அந்த ரகம்தான். தாமதமாக ஆக, பதிலோடு ஒரு விளக்கமும் சொல்ல வேண்டுமே என்ற பாரம் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் கடுமையாக ஒரு செய்தி வந்தால் திறந்தே பார்க்கத் தோன்றாது. அவருக்கு விளக்கம் தேவைப்படாத ஒரு வழியைக் கொடுங்கள்: "கட்டுரை எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை. பாதி இருந்தால் அதையே அனுப்புங்கள், சேர்ந்து முடித்துவிடலாம். இந்த முறை முடியாது என்றாலும் சரி, ஒரு வரி போதும். வியாழன் மாலை வரை இடம் வைத்திருக்கிறேன்." கனிவாக எழுதினாலும் நாள் குறிப்பிடுவதை விட்டுவிடாதீர்கள். நாள் இல்லாத கனிவு, தள்ளிப்போட இன்னொரு வாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"முடியலை" என்று பதில் வந்தாலும் உங்கள் செய்தி வேலை செய்துவிட்டது, அந்தப் பக்கத்தை வேறு எதற்காவது திட்டமிடலாம். அவரும் "இதோ" என்று மட்டும் சொன்னால், ஆளைத் தப்பாக எடைபோட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன கறார் செய்தியை அவருக்கும் அனுப்புங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால் மூன்றாவதாகச் செய்தி எழுதாமல் போனில் கூப்பிடுங்கள். குழுவில் மட்டும் பெயர் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள். கூச்சக்காரர் குழுவைவிட்டே போய்விடுவார், "இதோ" காரர் அங்கேயும் "இதோ" என்பார்.