கீழைத்தேயவாத ஓவியங்கள் ஃபோட்டோ மாதிரி அவ்வளவு துல்லியமாக இருக்கின்றனவே, அப்புறம் ஏன் அவற்றைக் கற்பனை என்கிறார்கள்?

கிழக்கு நாடுகளை ஐரோப்பியர்கள் தங்கள் பார்வையில் வரைந்தவையே கீழைத்தேயவாத ஓவியங்கள். அந்தத் துல்லியத்தில்தான் சிக்கலே. பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ஜெரோம் 1879 வாக்கில் பாரிஸில் வரைந்த 'பாம்பாட்டி' ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கை மேற்கு பார்த்த விதத்தை விமர்சிக்கும் எட்வர்ட் சயீதின் 'ஓரியண்டலிசம்' நூலின் அட்டையில்தான் இதை முதலில் பார்த்தேன். (வேடிக்கை என்னவென்றால், புத்தகத்துக்குள் இந்த ஓவியத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.)

உடம்பில் மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு ஒரு சிறுவன் நிர்வாணமாக, நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். பக்கத்தில் ஒரு கிழவர் குழல் ஊதுகிறார். எதிரே சுவரோடு ஒட்டி ஆயுதங்களோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் முழுக்க நீல டைல்ஸ் சுவர்.

அந்தச் சுவர் நிஜம். இஸ்தான்புல்லில் உஸ்மானிய சுல்தான்களின் டோப்காபி அரண்மனையில் அந்த டைல்ஸ் இன்றும் இருக்கின்றன. மேலே ஓடும் அரபு எழுத்துகூட வெறும் அலங்காரக் கிறுக்கல் அல்ல. 'மார்க்கத்தில் கட்டாயம் இல்லை' என்று தொடங்கும் குர்ஆன் வசனம் அது. ஆனால் தரை கெய்ரோவின் அம்ர் மசூதித் தரையை ஒத்தது. அரண்மனைச் சுவருக்கு முன் மசூதித் தரையைப் போட்டு, அதில் நிர்வாணச் சிறுவனை நிறுத்தினால் அது எந்த ஊர்? இப்படி ஓர் இடம் எங்கேயும் கிடையாது. ஒவ்வொரு துண்டும் உண்மை, ஒட்டிய பிறகு பொய்.

கலை வரலாற்றாளர் லிண்டா நாக்லின் 1983இல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி போகிறது. படத்தில் எதெல்லாம் இல்லை என்று பாருங்கள் என்கிறார் அவர். தூரிகைத் தடம் இல்லை, அதனால் யாரோ வரைந்தது என்பதே மறந்துபோகிறது. ஐரோப்பியர் ஒருவர்கூட இல்லை, ஆனால் காட்சி முழுக்க அவர் கண்ணுக்காகவே அமைந்திருக்கிறது. உஸ்மானியப் பேரரசு சீர்திருத்தங்களால் மாறிக்கொண்டிருந்த காலம் அது. படத்திலோ காலமே ஓடவில்லை. பெயர்ந்த டைல்ஸையும் அவர் விடவில்லை. சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் இந்த ஆட்கள் தங்கள் கட்டடத்தைக்கூடப் பராமரிக்கத் தெரியாத சோம்பேறிகள் என்று அந்தச் சேதம் மௌனமாகச் சொல்கிறது என்கிறார்.

எனக்கு நாக்லின் சொல்வதில் பெரும்பகுதி சரியென்றே படுகிறது. பெயர்ந்த டைல்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தயக்கம். பழைய சுவரை வரைபவன் விரிசலையும் வரையத்தானே செய்வான்? ஆனால் ஜெரோமின் மாமனார் அடோல்ஃப் கூப்பில், ஓவியங்களை அச்சுப் பிரதிகளாக்கி விற்ற பெரிய வியாபாரி. இஸ்தான்புல்லைக் கண்ணால் பார்த்திராதவர்கள் வீட்டுச் சுவர்களுக்குத்தான் ஜெரோமின் படங்கள் போய்ச் சேர்ந்தன. தரை எந்த ஊருடையது என்று அங்கே யார் கேட்டிருப்பார்கள்?

அசல் இப்போது அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் கிளார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்போது சிறுவனை விட்டுவிட்டு, அவன் காலடியில் இருக்கும் தரையிலிருந்து தொடங்குங்கள்.